வைன் போத்தலில் பாதிக் கோர்க் சிக்கிவிட்டது, எந்தத் திறப்பான் வாங்கலாம்?

வெள்ளவத்தையில் இருக்கிறேன். அண்ணா தந்த 2009ஆம் ஆண்டு சிவப்பு வைன், பல வருடமாக அலுமாரியில் நிமிர்த்தியே வைத்திருந்தது. கொழும்பு வெக்கைக்குக் கோர்க் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நேற்றிரவு, இரண்டு பக்கமும் கை உயரும் திறப்பானால் இழுத்தபோது மேல்பாதி மட்டும் பிய்ந்து வந்தது. அதன் திருகு நடுவில் தடித்த தண்டுள்ள வகை. கோர்க்கைப் பிடிக்காமல் துளைத்துத் தூளாக்கிவிட்டது.

மீதி இரண்டு சென்டிமீட்டர் அளவு கழுத்துக்குள் இறுகி நிற்கிறது. வைன் கசியவில்லை. அதே திருகைச் சரித்து, ஓரமாக மெதுவாக ஏற்றிப் பார்த்தேன், தூள்தான் கொட்டியது. அப்புறம் தொடவில்லை. உள்ளே தள்ளிவிட்டு மெல்லிய துணியில் வடிக்கலாம்தான், ஆனால் அது கடைசி வழியாக இருக்கட்டும். அண்ணா வரும்போது சேர்ந்து குடிக்க வைத்திருந்த போத்தல் இது.

கடையில் இரண்டு வகை உண்டு: நடுவில் வெற்றிடமுள்ள மெல்லிய சுருள் கம்பியோடு வரும் வெயிட்டர் திறப்பான், மற்றது கோர்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே இறக்கித் திருகி எடுக்கும் இரட்டைத் தகடு. தகட்டை அழுத்தும்போது இந்தத் துண்டு உள்ளே விழுந்துவிடுமோ என்று பயம்.

நடுவில் ஓட்டை விழுந்த இந்தத் துண்டுக்கு, பழக்கமில்லாத கைக்கு, இரண்டில் எது பொருந்தும்?