6 ஆம்ஸ் பிளக் பாயிண்ட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்: எதையெல்லாம் ஒன்றாகப் போடலாம்?

தேன்மொழி:
வாடகை வீடு. சமையலறையில் இருப்பது ஒரே ஒரு சின்ன பிளக் பாயிண்ட், 6 ஆம்ஸ். அதில் நாலு சாக்கெட் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகியிருக்கிறேன். பாக்ஸின் அடியில் 10 ஆம்ஸ், 2500 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. ஃபிரிட்ஜ் 150, ரைஸ் குக்கர் 700, மிக்ஸி 750, கெட்டில் 1500. கெட்டிலை விட்டுவிட்டால் மொத்தம் 1600 வாட்ஸ்தான். ஆனாலும் மூன்றும் சேர்ந்து ஓடும்போது சுவரில் செருகும் பிளக் நன்றாகச் சூடாகிறது. 2500க்குள்தானே இருக்கிறேன், எங்கே தப்பு?

சரவணன்_மதுரை:
லோடு அதிகமானா எம்சிபி ட்ரிப் ஆகிடும் சிஸ்டர். ட்ரிப் ஆகலைன்னா லோடு சரியா இருக்குன்னு அர்த்தம். பிளக் கொஞ்சம் சூடாகிறது சகஜம்தான்.

வயர்மேன் கணேசன்:
சரவணன் தம்பி, எம்சிபி இருப்பது சுவருக்குள் போகும் வயரைக் காப்பாற்ற. இவர் வீட்டில் அது 16 ஆம்ஸ் என்றால் 8 ஆம்ஸ் போனாலும் அது அசையாது. அதற்குள் 6 ஆம்ஸ் சாக்கெட் கருகிவிடும். 10 ஆம்ஸ் எம்சிபி என்றாலும் இதே கதைதான்.

தேன்மொழி, கூட்டல் சரிதான், ஒப்பிட்டதுதான் தப்பு. அந்த 2500 பாக்ஸுக்கான கணக்கு. 10 ஆம்ஸை 250 வோல்ட்டால் பெருக்கிப் போட்டிருக்கிறார்கள். கரண்ட் வருவதோ சுவரில் உள்ள 6 ஆம்ஸ் சாக்கெட் வழியாக. வழியில் எது சின்னதோ, அதுதான் எல்லை. 230 வோல்ட்டுக்கு 6 ஆம்ஸ் என்றால் 1380 வாட்ஸ். உங்கள் 1600ஐ 230ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 7 ஆம்ஸ். ஒரு ஆம்ஸ்தானே கூட என்று நினைக்காதீர்கள். சூடு கரண்ட்டின் இருமடிக்கு ஏறும், 6க்கு வருவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம்.

நானாக இருந்தால் 1380 வரை போகவே மாட்டேன், 1100ல் நிறுத்துவேன். ஃபிரிட்ஜும் குக்கரும் சேர்ந்து 850, தாராளமாக ஓடட்டும். சாதம் வெந்து குக்கர் ‘வார்ம்’முக்கு வந்த பிறகு மிக்ஸியைப் போடுங்கள். கெட்டில் தனியாகவே 6.5 ஆம்ஸ் இழுக்கும், அது இந்தப் பாயிண்ட்டுக்கு ஆகாது. அதன் முள் இந்த சாக்கெட்டில் நுழைகிறது என்பதால் போடலாம் என்று ஆகிவிடாது.

முருகேசன்_கிராமம்:
எங்க ஊர்ல சாயங்காலம் 180 வோல்ட்தான் வருது. அப்போ 1500 வாட்ஸ் கெட்டில் 8 ஆம்ஸுக்கு மேல இழுக்குமே அண்ணே? அதனாலதான் பாக்ஸ் உருகிப் போச்சா?

வயர்மேன் கணேசன்:
அப்படி வராது முருகேசன். 1500 என்பது 230 வோல்ட் வந்தால் மட்டும். உள்ளே இருப்பது ஹீட்டர் காயில். வோல்ட் குறைந்தால் கரண்ட்டும் குறையும். 180ல் அது 5 ஆம்ஸ் சொச்சம் இழுத்து, 900 வாட்ஸ் அளவில்தான் ஓடும். தண்ணீர் கொதிக்க நேரமாகும், அவ்வளவுதான். மோட்டார் உள்ள சாமான்கள் அப்படி இல்லை. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் லோ வோல்டேஜில் திணறி அதிகமாக இழுக்கும். உங்கள் பாக்ஸ் ஏன் உருகியது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. வயரைச் சுருட்டியே வைத்து ஓட்டினீர்களா? சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ரப்பர் இளகிவிடும்.

முருகேசன்_கிராமம்:
சுருட்டிதான் கட்டில் அடியில வச்சிருந்தேன்.

தேன்மொழி:
கணேசன் சார், இன்று ஃபிரிட்ஜும் குக்கரும் மட்டும் போட்டுப் பார்த்தேன். 850தான், ஆனாலும் சுவர்ப் பிளக் இன்னும் சூடாகிறது. பாக்ஸ் பக்கம் எதுவும் இல்லை.

வயர்மேன் கணேசன்:
நாலு ஆம்ஸ்கூட இல்லை, அதற்கு இப்படிச் சூடாகக் கூடாது. இது வாட்ஸ் கணக்கில் பிடிபடாது. மெயினை ஆஃப் செய்துவிட்டு பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். முள்ளில் கறுப்பு இருக்கிறதா, சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறதா, செருகும்போது பிடிப்பில்லாமல் லொடலொடவென்று இருக்கிறதா? இருந்தால் உள்ளே லூஸ் காண்டாக்ட். அதை மாற்றும்வரை அங்கே எதையும் செருகாதீர்கள்.

தேன்மொழி:
ஒரு முள் கறுத்திருக்கிறது. ஃபிரிட்ஜை ஹாலில் உள்ள பாயிண்ட்டுக்கு மாற்றிவிட்டேன். ஓனரிடம் சொன்னேன், இதை எடுத்துவிட்டு 16 ஆம்ஸ் சாக்கெட் போட்டுத் தருகிறேன் என்கிறார். அப்படியானால் கெட்டிலையும் போடலாமா?

சரவணன்_மதுரை:
போடலாம், எங்க வீட்லயும் அப்படித்தான் மாத்தினோம், இதுவரை பிரச்சனை இல்லை.

வயர்மேன் கணேசன்:
சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது. பின்னால் வருவது என்ன வயர், அதே வயரில் இன்னும் எந்தெந்தப் பாயிண்ட் இருக்கிறது என்று ஓனரின் எலக்ட்ரீஷியனைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் சின்ன பாயிண்ட்டுக்கு 1 ஸ்கொயர் வயரே இருக்கலாம். 16 ஆம்ஸ் பாயிண்ட்டுக்கு போர்டிலிருந்து 2.5 ஸ்கொயராவது தனியாக இழுத்து, எர்த்தும் கொடுக்க வேண்டும். அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் நல்ல 6 ஆம்ஸ் சாக்கெட்டே புதிதாகப் போடச் சொல்லுங்கள், கெட்டில் வேண்டாம். சரவணன், உங்கள் வீட்டிலும் ஒருமுறை அந்த வயரைப் பார்த்துவிடுங்கள்.