கல் சிற்பப் போட்டோவிலிருந்து கோட்டோவியம்: திருவொற்றியூர்த் தூணில் செய்து பார்த்தது

தேரடித் தெரு

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் தூணில் ஏகபாத திரிமூர்த்தி இருக்கிறார். ஒற்றைக் காலில் சிவன். அவர் உடம்பிலிருந்தே வலப்பக்கம் பிரம்மாவும் இடப்பக்கம் திருமாலும் கிளைத்து வருகிற வடிவம். அதைக் கோட்டோவியமாக ஒரு சிறு வெளியீட்டுக்குக் கேட்டார்கள். சிற்பத்தைப் போட்டோ எடுத்துக் கோடாக்க முயல்கிறவர்கள் இந்தக் குழுவில் பலர் இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். ஒரு நல்ல போட்டோ, அதன்மேல் விளிம்பு கண்டுபிடிக்கும் ஃபில்டர். வந்தது சிற்பமே இல்லை. ஃபில்டருக்குக் கல்லின் மேடு பள்ளம் தெரியாது, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடம்தான் தெரியும். மார்பில் அப்பிய விபூதிக்கு அழகாக ஒரு கோடு, எண்ணெய் வழிந்த தடத்துக்கு ஒரு கோடு, பக்கத்துத் தூணின் நிழலுக்கு ஒரு கோடு. உண்மையாகவே செதுக்கிய தோள்வளைக்குக் கோடே இல்லை, ஏனென்றால் அதுவும் பின்னால் இருக்கும் கையும் ஒரே கறுப்பு.

அப்புறம் செய்தது இது. கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, ஒரே எல்.இ.டி. டார்ச்சை மேல், வலம், கீழ், இடம் என்று நான்கு பக்கம் மாற்றி நான்கு படம். விளக்கை எங்கே நகர்த்தினாலும் விபூதி இருந்த இடத்திலேயே இருக்கும். நிழல் மட்டும் இடம் மாறும். மாறுகிற நிழல் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறதோ அங்கேதான் கல்லில் படி மாதிரி ஓர் இறக்கம் இருக்கிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கேமராவைச் சுற்றி நான்கு ஃப்ளாஷ் வைத்து இதைச் செய்யும் முறையை ரமேஷ் ராஸ்கரும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்டார்கள். நான் ஃப்ளாஷுக்குப் பதில் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பழைய வண்ணை அச்சகம்

இவ்வளவு வேலை எதுக்கு சார்? எங்க கடையில கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார், முருகன் எல்லாம் போட்டோவை இங்க்ஸ்கேப்பில் போட்டு Trace Bitmap ஒரு தட்டு, முடிஞ்சுது. வெளிச்சம் மட்டும் இடது மேல் மூலையிலிருந்து சாய்வா வரணும். மியூசியம் புக்குல எல்லாம் அப்படித்தான். ஒரு படம் போதும்.

தேரடித் தெரு

அண்ணே, இடது மேல் வெளிச்சம் என்பது சரிதான், ஆனால் அது வரைபடத்துக்கான வழக்கம். எகிப்தில் லக்ஸோர் கோயில்களை வரைகிற சிகாகோ பல்கலைக்கழகக் குழு அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது. புடைப்புச் சிற்பமானால் வெளிச்சம் விழும் இடது மேல் விளிம்புக்கு மெல்லிய கோடு, நிழல் விழும் வலது கீழ் விளிம்புக்குத் தடித்த கோடு. உள்ளே குடைந்த சிற்பமானால் அப்படியே தலைகீழ். பார்ப்பவருக்கு எது மேடு எது பள்ளம் என்று கோட்டின் தடிமனே சொல்லிவிடும்.

படம் எடுக்கும்போது அந்த ஒரே வெளிச்சத்தை நம்பினால், வெளிச்சம் போகும் திசையிலேயே படுத்திருக்கிற விளிம்புகளுக்கு நிழலே விழாது. இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து போகும் வேலின் தண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள், பாதி காணாமல் போகும். உங்கள் முருகன் பளிச்சென்று வருவதற்குக் காரணம், அது பெரும்பாலும் வெள்ளைப் பின்னணியில் எடுத்த பித்தளைச் சிலை.

காலடிப்பேட்டை டிராயிங் மிஸ்

Trace Bitmap பண்ணினா ஒரு கோட்டுக்கு இரண்டு கோடு வருது, கோட்டோட ரெண்டு கரையையும் தனித்தனியா வரைஞ்சிடுது. அதுக்கு என்ன செய்றது?

தேரடித் தெரு

இங்க்ஸ்கேப் 1.0 முதல் அதிலேயே Centerline tracing என்று ஒன்று இருக்கிறது மிஸ். கோட்டின் நடுவில் ஒற்றைக் கோடு போடும். ஆனால் அதற்குள் போவதற்கு முன் படம் சுத்தமாக இருக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் வழி சொல்கிறேன். நான்கு படத்திலும் ஒவ்வொரு புள்ளிக்கும் எது அதிக வெளிச்சமோ அதை மட்டும் எடுத்தால் நிழலே இல்லாத ஒரு படம் கிடைக்கும். ஒவ்வொரு படத்தையும் அதால் வகுத்தால் கல்லின் நிறம், விபூதி, எண்ணெய்க் கறை எல்லாம் அடிபட்டுப் போய், நிழல் மட்டும் மிஞ்சும். பிறகு வெளிச்சம் போகும் திசையில் நடந்து, திடீரென்று இருட்டுக்குள் விழும் இடத்தைக் குறித்தால் அதுதான் விளிம்பு. பைத்தானில் இவ்வளவுதான்:

```python
import cv2, numpy as np
names = ["top.jpg", "right.jpg", "bottom.jpg", "left.jpg"]
p = [cv2.imread(n, 0).astype(np.float32) + 1 for n in names]
p = [cv2.GaussianBlur(a, (0, 0), 1.5) for a in p]
mx = np.max(p, axis=0)
step = [(1, 0), (-1, 1), (-1, 0), (1, 1)]
e = [np.clip(np.roll(a/mx, s, axis=k) - a/mx, 0, 1)
     for a, (s, k) in zip(p, step)]
out = 255 * (1 - np.clip(np.max(e, axis=0) * 4, 0, 1))
cv2.imwrite("lines.png", out.astype(np.uint8))
```

கடைசியில் இருக்கும் 4 என்பது கோட்டின் அழுத்தம். கல்லின் சொரசொரப்பு தூசியாக வந்தால் அதைக் குறையுங்கள், 1.5ஐக் கூட்டுங்கள். நிரல் வேண்டாதவர்கள் கிம்பில் நான்கு படத்தையும் அடுக்கி Lighten only போட்டு நிழலற்ற படத்தைச் செய்து, அதை மேலே வைத்து Divide கொடுத்தால் வகுத்தல் வரை வந்துவிடும். மிச்சத்தைக் கண்ணால் பார்த்து வரையலாம்.

மைப்படிக்காரர்

இவ்வளவு மின்சாரம் எதற்கு? நாங்கள் கல்வெட்டுக்குக் காகிதத்தை நனைத்துக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து எழுத்துக்குள் இறக்கி, மை ஒற்றி எடுத்துவிடுவோம். பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். திருவொற்றியூரில் ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டெல்லாம் அப்படிப் படி எடுத்ததுதான். அளவு இம்மியும் மாறாது, உங்கள் லென்ஸ் மாதிரி ஓரத்தில் வளைக்காது.

தேரடித் தெரு

ஐயா, எழுத்துக்கு உங்கள் முறையை மிஞ்ச முடியாது. ஆனால் இது நன்றாகப் புடைத்து நிற்கும் உருவம். காகிதம் மூக்கில் கிழியும், கழுத்துக்குள் இறங்காது. பூசை நடக்கிற கோயிலில் சாமி மேல் மை ஒற்ற விடவும் மாட்டார்கள். லென்ஸ் வளைவு பற்றி நீங்கள் சொன்னது நியாயம். கிட்டத்தில் நின்று போனின் அகலக் கோண லென்ஸில் எடுத்தால் நடு வயிறு பெருத்து, கால் சிறுத்துவிடும். தள்ளி நின்று ஜூம் செய்துதான் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து எடுங்கள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்

நான் உங்க முறையை எங்க தெரு மாரியம்மன் கோயில்ல செஞ்சு பாத்தேன். சுதைச் சிலை, மேல ஃபுல்லா எனாமல் பெயிண்ட். சேலை டிசைன் எல்லாம் மறைஞ்சு போயி உருவம் மட்டும் வந்தது, அது சூப்பர். ஆனா கன்னம், தோள், தொடை எல்லாத்துலயும் பாம்பு மாதிரி நெளியுற கோடு. செதுக்கல் எதுவும் அங்க இல்ல.

தேரடித் தெரு

இரண்டு காரணம் இருக்கும். ஒன்று பளபளப்பு. எனாமலிலும் எண்ணெய்க் கல்லிலும் மினுக்கம் விளக்கோடு சேர்ந்து நகரும், அந்த வெள்ளைப் பொட்டுதான் "அதிக வெளிச்சம்" என்று கணக்கில் ஏறிவிடுகிறது. எட்டுத் திசையில் எட்டுப் படம் எடுத்து, அதிகபட்சத்துக்குப் பதில் இரண்டாவது அதிகத்தை எடுத்து, வகுத்த விடை 1ஐத் தாண்டும் இடத்தை 1 என்று வெட்டிவிட்டால் பெரும்பாலும் அடங்கும். திசை எட்டானால் step வரிசையிலும் மூலைவிட்டத் திசைகளைச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று உருண்டை. தொடை தானாகவே வளைந்து இருட்டுக்குள் போகிறது, அங்கே படியே இல்லை. விளக்கைக் கல்லுக்கு எவ்வளவு சாய்வாகப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு இது அதிகமாகும். கண்டுபிடிக்கச் சுலபம்: விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு முறை எடுத்தால் பொய்க்கோடு நகர்ந்துவிடும், உண்மையான விளிம்பு நகராது.

சாய்வை வைத்து இரண்டு சுற்று எடுப்பது என் பழக்கம். 45 டிகிரியில் நிழலின் நீளம் புடைப்பின் உயரம்தான், உடம்பு, கை, கால் அதில் சரியாக வரும். ஆனால் 2 மில்லிமீட்டர் உயரமுள்ள சங்கிலிக்கு 2 மில்லிமீட்டர் நிழல், மங்கலாகத்தான் தெரியும். விளக்கை 15 டிகிரிக்கு இறக்கினால் அதே சங்கிலியின் நிழல் ஏழரை மில்லிமீட்டர் நீளும். நகைக்கு அந்தச் சுற்று, உடம்புக்கு முதல் சுற்று. இரண்டையும் தனித்தனித் தாளாக வைத்துக்கொண்டு மேலே டிரேசிங் தாளில் கையால் வரைந்தேன்.

காலடிப்பேட்டை டிராயிங் மிஸ்

கையாலயா? அப்ப மெஷின் கோட்டை அப்படியே கொடுக்கலையா?

தேரடித் தெரு

இல்லை மிஸ். இந்தச் சிற்பத்திலேயே பாருங்கள், பிரம்மாவின் உடம்பு சிவன் உடம்போடு சேரும் இடத்தில் படி இல்லை. கல் ஒன்றிலிருந்து இன்னொன்றாக வழுவழுவென்று போகிறது. கணினி அங்கே கோடு போடவில்லை. சிலருக்கு அதைப் பார்த்ததும் "விட்டுப்போச்சு" என்று கை துறுதுறுக்கும். இணைத்துவிட்டால் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஆகும், ஒருவரிலிருந்து இருவர் வருவது போய்விடும். அந்த இடைவெளியை அப்படியே விட்டேன். ஆனால் கூப்பிய கைக்கும் மார்புக்கும் நடுவில் கணினி விட்ட இடம் வேறு. அது ஆழமான இடுக்கு, எந்தப் பக்க வெளிச்சமும் உள்ளே போகவில்லை. அங்கே நேரில் பார்த்துக் கோடு போட்டேன்.

சிகாகோ குழுவின் பழைய முறையும் இப்படித்தான். பெரிதாக்கிய போட்டோ மேலேயே பென்சிலால் வரைந்து, மை ஏற்றி, போட்டோவை வெளுக்க வைத்து, மிஞ்சிய கோட்டைச் சுவர் முன்னால் கொண்டுபோய்ச் சரிபார்ப்பார்கள்.

பழைய வண்ணை அச்சகம்

சரி, நம்ம தொழிலில் இருந்து ஒண்ணு சொல்றேன், இதை யாரும் மறுக்க முடியாது. A3ல 0.3 மில்லிமீட்டர் பேனாவுல வரைஞ்சு, புக்குல கால் பங்கா சுருக்கினா கோடு 0.075 ஆயிடும். பிளேட்ல நிக்காது, நகை எல்லாம் விட்டு விட்டு வரும். சுருக்கி என்ன அளவுல அச்சாகுதுன்னு முதல்ல கேட்டுட்டு அப்புறம் பேனா எடுங்க.

தேரடித் தெரு

இது உண்மை அண்ணே. வெளி உருவுக்கு 0.8, உள்ளே ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்துக்கு 0.6 என்று ஏற்றிக்கொண்டு, நகையில் பாதியைக் குறைத்துத்தான் கொடுத்தேன்.

ராயபுரம் லேசர்

சிதைஞ்ச மூக்கை என்ன பண்ணீங்க? நான் மரத்துல வெட்டிக் கொடுக்கிறவன், கஸ்டமர் உடைஞ்ச சாமியை வாங்க மாட்டார். நான் முழுசாக்கிடுவேன்.

மைப்படிக்காரர்

ஆவணம் என்றால் இருப்பதைத்தான் வரைய வேண்டும். உடைந்த ஓரத்துக்குப் புள்ளிக்கோடு.

ராயபுரம் லேசர்

புள்ளிக்கோட்டை வீட்டுக் கதவுல மாட்டினா யார் கும்பிடுவாங்க ஐயா?

தேரடித் தெரு

நான் புள்ளிக்கோடுதான் போட்டேன், வெளியீட்டுக்காரர்கள் முழுக்கோடாக மாற்றிக் கேட்கிறார்கள். பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்

அண்ணே, விளக்கைப் பிடிக்க ஆள் வேணுமா? நான் ஒருத்தனா போனா தூரம் ஒரே அளவா வரமாட்டேங்குது.

தேரடித் தெரு

ஆள் இருந்தால் நல்லது தம்பி. டார்ச்சில் ஒரு நூலைக் கட்டி, சிற்பத்தின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு நீளத்துக்கு வெட்டி, நுனியைச் சிற்பத்தின் நடுவுக்கு நேராகப் பிடித்து அளந்தபின் நூலை விலக்கிவிட்டுப் படம் எடு. எக்ஸ்போஷரை மேனுவலில் பூட்டிவிடு, ஆட்டோவில் விட்டால் வகுத்தல் கெட்டுப்போகும். இருட்டிய பிறகு போ, பகல் வெளிச்சம் நிழலுக்குள் கலந்துவிடும். முக்காலி வைக்க முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடு.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்

கீழ்ப்பக்க வெளிச்சத்துக்கு டார்ச் தரையில முட்டுதே, சிற்பம் தூணோட அடியில இருந்தா?

தேரடித் தெரு

அங்கே எனக்கும் சரியாக வந்ததில்லை. கண்ணாடி ஒன்றைத் தரையில் சாய்த்து வைத்து வெளிச்சத்தை மேலே திருப்பலாம் என்று மிஸ்ஸின் பழைய மாணவர் ஒருவர் சொன்னார், இன்னும் பார்க்கவில்லை. நீ செய்தால் படத்தைப் போடு.