கலைச்சொல் வேண்டும்: வீட்டில் காணொளி, வகுப்பில் கணக்கு

அனுப்புநர்: கயல்விழி

நண்பர்களுக்கு வணக்கம். ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஓர் இயல், மாணவர்கள் வீட்டில் ஒரு சிறு காணொளியைப் பார்த்துவிட்டு வந்து, வகுப்பு நேரத்தில் கணக்குப் போடும் முறையைப் பற்றியது. ஆங்கிலத்தில் இதை ஃபிளிப்டு கிளாஸ்ரூம் என்கிறார்கள். தமிழில் 'தலைகீழ் வகுப்பறை' ஓரளவு புழக்கத்தில் இருந்தாலும் எனக்கு அது ஒட்டவில்லை. 'புரட்டு வகுப்பு' என்று எழுதிப் பார்த்தேன். புரட்டு என்றாலே பித்தலாட்டம் என்ற பொருள்தான் முதலில் வந்து நிற்கிறது. 'கவிழ்ப்பு' என்றால் ஆட்சிதான் கவிழ்கிறது. வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

எடுத்துக்காட்டுப் பாடமாகச் சராசரி வேகத்தை எடுத்திருக்கிறேன். 6 நிமிடக் காணொளி, மறுநாள் 40 நிமிட வகுப்பு. பாட வடிவமைப்பையும் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அனுப்புநர்: தமிழ்மணி

தலைகீழ் வகுப்பறை நல்ல சொல்தானே அம்மா? மாணவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று பாடம் நடத்துவார், ஆசிரியர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். நான் படித்த காலத்தில் ஆசிரியர் தினத்தன்று செய்வோம். அதற்குக் காணொளி எதற்கு என்றுதான் புரியவில்லை.

அனுப்புநர்: நசீர்

தமிழ்மணி சொல்வது இந்த முறை இல்லை. ஆனால் அவர் அப்படிப் புரிந்துகொண்டதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கயல்விழி. 'தலைகீழ்' என்றதும் யார் யாராக மாறுகிறார்கள் என்றுதான் மனம் தேடுகிறது. இங்கே ஆசிரியர் ஆசிரியராகவே இருக்கிறார். வகுப்பில் நடந்த விளக்கம் வீட்டுக்குப் போகிறது, வீட்டில் நடந்த பயிற்சி வகுப்புக்கு வருகிறது. மாறுவது அவ்வளவுதான்.

அனுப்புநர்: இராமநாதன்

அன்புடையீர், 'காணொளிவழி வகுப்பு' என்ற சொல்லை முன்மொழிகிறேன். இதில் புதிதாக இருப்பது காணொளி ஒன்றுதான். வகுப்பில் கணக்குப் போடுவது பள்ளிக்கூடம் தோன்றிய நாளிலிருந்து உள்ளது. 2007-இல் கொலராடோவின் உட்லண்ட் பார்க் பள்ளியில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர முடியாத மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். இந்த முறை அதிலிருந்து பரவியதாகத்தான் படித்திருக்கிறேன். எனவே காணொளியைச் சுட்டாத பெயர் குறையுடையது.

அனுப்புநர்: நசீர்

ஐயா, பரவியது அங்கிருந்து என்பது சரி. ஆனால் 2000-லேயே லாஜ், பிளாட், டிரெக்லியா என்ற மூவர் பொருளியல் வகுப்பை வைத்து இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் 90-களிலேயே, முதல்நாள் படித்துவிட்டு வரச்சொல்லி வகுப்பு நேரத்தை விவாதத்துக்கு விட்டார். அவர் கொடுத்தது காணொளி இல்லை, புத்தகப் பக்கங்கள். ஆகவே காணொளி ஒரு கருவி, அச்சடித்த இரண்டு பக்கங்களும் அந்த வேலையைச் செய்யும். 'காணொளிவழி வகுப்பு' என்று போட்டால் எல்லாரும் இணைய வகுப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது கயல்விழியின் பாடம். காணொளியை முதலில் தயாரித்தால் அது நீண்டுகொண்டே போகும். நான் வகுப்பில் போடப்போகும் கணக்கை முதலில் முடிவுசெய்வேன், அப்புறம் அதற்கு எது தெரிந்தால் போதும் என்று பின்னோக்கி வருவேன்.

வகுப்புக்கு இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 60 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார், அதே வழியில் திரும்புகிறார். போய்வந்த மொத்தப் பயணத்தின் சராசரி மணிக்கு 50 ஆக வேண்டுமானால் எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்? பெரும்பாலோர் 70 என்பார்கள். கணக்குப் போட்டால் 150 வருகிறது. 120 கிலோமீட்டரை 50 வேகத்தில் கடக்க 2.4 மணி நேரம். போகும்போதே 2 மணி நேரம் தீர்ந்துவிட்டது. மிச்சம் 0.4 மணியில் 60 கிலோமீட்டர் வர வேண்டும். அடுத்து, சராசரி 60 வேண்டுமானால்? 120 கிலோமீட்டருக்கு மொத்தமே 2 மணி நேரம்தான், அது முழுவதும் போகும்போதே செலவாகிவிட்டது. எந்த வேகத்தில் வந்தாலும் முடியாது. 'முடியாது' என்பது ஒரு கணக்குக்கு விடையாக இருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்தச் சண்டை நடக்க நண்பர்களும் வேண்டும், பக்கத்தில் ஆசிரியரும் வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்து போட்டால் 90 என்று எழுதிவிட்டு மூடிவைத்துவிடுவார்கள்.

இதற்குக் காணொளியில் வேண்டியது ஒரே கருத்து: மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகு. ஓர் எடுத்துக்காட்டு போதும். சைக்கிளில் ஒருவர் 1 மணி நேரத்தில் 20 கிலோமீட்டர் போகிறார், அரை மணி ஓய்வெடுக்கிறார், அடுத்த அரை மணியில் 10 கிலோமீட்டர் போகிறார். 2 மணியில் 30 கிலோமீட்டர், சராசரி 15. விடையைச் சொல்வதற்கு முன் 'இங்கே நிறுத்திவிட்டு நீயே போட்டுப் பார்' என்று சொல்லுங்கள். போகவரக் கணக்கைக் காணொளியில் தொடவே வேண்டாம், அது வகுப்புக்கு உரியது.

அனுப்புநர்: செல்வி

நான் மொழி ஆர்வத்தில் இந்தக் குழுவில் இருப்பவள், ஆசிரியர் இல்லை. என் மகள் வகுப்பில் இதைத்தான் செய்கிறோம் என்றார்கள். தினமும் 25 நிமிடக் காணொளி வரும், அதோடு வழக்கமான வீட்டுப்பாடமும் வரும். மறுநாள் பாதிப் பேர் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் ஆசிரியர் அதே பாடத்தை முதலிலிருந்து நடத்துவார். ஒரு மாதத்தில் என் மகளும் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். "எப்படியும் நாளைக்குச் சொல்வாங்கம்மா" என்கிறாள். அவளை என்னவென்று திட்டுவது? நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் இரட்டை வீட்டுப்பாடம்.

அனுப்புநர்: நசீர்

உங்கள் மகள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள். பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் மறுநாள் ஒரே வகுப்பு என்றால் பார்த்தவர்தான் ஏமாளி. இந்த முறை படுத்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். அதே பாடத்தை மறுபடி நடத்தக்கூடாது. பார்க்காமல் வந்தவர் வகுப்பின் ஒரு மூலையில் அந்த 6 நிமிடத்தைப் பார்த்துவிட்டுக் கணக்கில் சேர்ந்துகொள்ளட்டும். வீட்டில் கருவி இல்லாத பிள்ளைக்கும் அதே மூலை, அல்லது முதல்நாளே அச்சிட்ட பக்கம். இதைத் தண்டனை போல் செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், காணொளி வந்தால் அன்று வேறு வீட்டுப்பாடம் வரக்கூடாது. வகுப்பில் போடும் கணக்குதான் பழைய வீட்டுப்பாடம். இரண்டும் வந்தால் எதுவும் இடம் மாறவில்லை, சுமை கூடியிருக்கிறது, அவ்வளவே.

அனுப்புநர்: கயல்விழி

பார்த்தாரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையைத் தூக்கச் சொன்னால் எல்லாரும் தூக்குவார்கள்.

அனுப்புநர்: நசீர்

காணொளியின் முடிவில் இரண்டே கேள்வி வைத்து, விடையை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். முதல் கேள்வி: சைக்கிள்காரர் ஓய்வெடுத்த அரை மணியை நேரத்தில் சேர்த்தோமா, ஏன்? பார்த்தவருக்கு இது ஒரு வரி. இரண்டாவது: 60 கிலோமீட்டரை 30 வேகத்தில் போய், 60 வேகத்தில் திரும்பினால் சராசரி என்ன?

முதல் கேள்வி பார்த்தாரா என்று சொல்லும், இரண்டாவது புரிந்ததா என்று சொல்லும். இவை இரண்டும் வேறு வேறு. முதலாவதற்குச் சரியாக எழுதிவிட்டு இரண்டாவதற்கு 45 என்று எழுதியவர்தான் நமக்கு முக்கியமானவர். அவர் காணொளியைப் பார்த்திருக்கிறார், வாய்பாடும் தெரியும், ஆனாலும் இரண்டு வேகத்தைக் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறார். சரியான விடை 40. போக 2 மணி, வர 1 மணி, 120-ஐ மூன்றால் வகுக்க வேண்டும்.

வகுப்பு தொடங்குமுன் சீட்டுகளை 40, 45, மற்றவை என்று மூன்று குவியலாகப் பிரிப்பேன். வகுப்பை எப்படித் தொடங்குவது என்பதை அந்தக் குவியல்கள் முடிவுசெய்யும். 40-ம் 45-ம் கலந்திருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரைச் சேர்த்து உட்காரவைத்து 5 நிமிடம் வாதாட விடுவேன். சரியாகச் சொன்னவர்கள் சுமார் 30-லிருந்து 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் இந்த வாதம் பலன் தரும் என்பது மசூர் முறையின் அனுபவ விதி. அதற்குக் கீழே போனால் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, நானே ஒரு குறிப்புக் கொடுப்பேன். மேலே போனால் வாதத்தை விட்டுவிட்டு 50, 60 கணக்குக்கு நேரே போய்விடுவேன்.

45 என்றவர்களிடம் "தவறு" என்று சொல்லி விடாதீர்கள். "45 எப்போது சரியாகும்?" என்று கேளுங்கள். 30 வேகத்தில் ஒரு மணி, 60 வேகத்தில் ஒரு மணி ஓட்டினால் 90 கிலோமீட்டர், 2 மணி, சராசரி 45. சம நேரம் என்றால் அவர்கள் வழி சரி, சம தூரம் என்றால் சரியில்லை. இதை அவர்களே கண்டுபிடித்தால் அப்புறம் மறக்க மாட்டார்கள்.

அனுப்புநர்: இராமநாதன்

நசீர் அவர்கள் விளக்கியதைப் பார்த்தால் காணொளியைவிட அந்தச் சீட்டுதான் பாடத்தைத் திருப்புகிறது என்று தோன்றுகிறது. அதற்கு 'முன்வினா' என்று சொல் தருகிறேன். முறைக்கு, 'இடமாற்று வகுப்பு'?

அனுப்புநர்: தமிழ்மணி

இடமாற்று என்றால் ஆசிரியர்கள் பதறிப்போவார்கள் ஐயா, மாறுதல் ஆணை வந்துவிட்டது என்று!

அனுப்புநர்: கயல்விழி

முன்வினா நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொண்டேன். அதே வார்ப்பில் 'முன்காணொளி'யும் சேர்க்கிறேன். அச்சுப் பக்கமாகக் கொடுத்தால் 'முன்பக்கம்' என்று சொல்ல முடியாது, குழம்பிவிடும். 'முன்வாசிப்பு' என்று வைக்கலாமா?

பெரிய சொல்லுக்கு வருகிறேன். இடம் மாறுவது பாடத்தின் பகுதிகள், அறை அல்ல. ஆகவே 'வகுப்பறை'யை விட்டுவிட்டு 'இடம்மாறு பாடம்' என்று எழுதிப் பார்த்தேன். "இந்த அலகை இடம்மாறு பாடமாக அமைத்தேன்" என்று வாக்கியத்தில் உட்காருகிறது. ஆணைப் பயமும் குறைகிறது.

அனுப்புநர்: இராமநாதன்

'இடம்மாறு' வினைத்தொகையாக நிற்கும், இலக்கணத்தில் தடையில்லை. ஆயினும் தேடுபவர்கள் 'தலைகீழ் வகுப்பறை' என்றுதான் தேடுவார்கள். புழங்கிய சொல்லை ஒதுக்குவதற்கு எனக்கு மனமில்லை.

அனுப்புநர்: நசீர்

எனக்கு இடம்மாறு பாடம் சரி. ஓர் ஐயம் மட்டும். எல்லாப் பாடத்தையும் இப்படி மாற்ற முடியாது. ஒரு கருத்தை முதன்முதலாகச் சந்திக்கும்போது பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்றே தெரியாத பாடங்கள் உண்டு. எதிர்மறை எண்களைப் பெருக்குவது எனக்கு அப்படி. அதைக் காணொளியில் விட்டால் கேள்வி கேட்க எதிரில் ஆள் இருக்காது, விதியை மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுவார்கள். எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று கையேட்டில் ஒரு பத்தியாவது வேண்டும்.

அனுப்புநர்: செல்வி

அந்தப் பத்தியில், காணொளி வரும் நாளில் வேறு வீட்டுப்பாடம் கூடாது என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள். இரண்டு படி எனக்கு வேண்டும், ஒன்று மகளின் ஆசிரியருக்கு.

அனுப்புநர்: கயல்விழி

தலைப்பில் 'இடம்மாறு பாடம்', முதல் வரியில் 'தலைகீழ் வகுப்பறை என்றும் வழங்கும்' என்று தற்போதைக்குப் போட்டு வைக்கிறேன். இராமநாதன் ஐயாவுக்கு இன்னும் மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள். நசீர், எதிர்மறை எண் பத்தியை நீங்களே எழுதித்தர முடியுமா?