உதவி: 80% கற்றல் வளைவு போட்டால் அடுத்த லோடுகளுக்கு நேரம் ஒத்துவரவில்லை

கட்டில்_காண்ட்ராக்ட்:
ஹாஸ்டலுக்கு இரண்டடுக்கு இரும்புக் கட்டில் இறக்கி மாட்டித் தருகிற வேலை எடுத்திருக்கிறோம். ஒரு லோடுக்கு 16 கட்டில், எல்லா லோடும் ஒரே மாடல், அதே நாலு பேர். ஆன நேரத்தை ஆள்மணியாகக் குறித்து வைத்திருக்கிறேன்: முதல் லோடு 40, அப்புறம் 24, 20, 18.5. இப்போது இன்னும் நாலு லோடுக்கு ரேட் கேட்கிறார்கள். வேலை இரட்டிப்பானால் நேரம் 80% ஆகும் என்று படித்தேன், ஆனால் அப்படிப் பார்த்தால் இரண்டாவது லோடு 32 அல்லவா வந்திருக்க வேண்டும்? எனக்கு 24தான் ஆனது. எட்டாவது வரை போட்டால் 20.48 வருகிறது, அதை நாலால் பெருக்கி 82 ஆள்மணி என்று கொடுத்துவிடலாமா?

சைட்_சூப்பர்வைசர்:
40 போய் 24 என்றால் உங்கள் வளைவு 60%, 80 இல்லை சார். 24ஐ 0.6ஆல் பெருக்கி மேலே போங்கள்.

பழைய_காஸ்டிங்:
அந்த 60ஐ நாலாவது லோடில் சோதித்துப் பாருங்கள், 14.4 வர வேண்டும். அவருக்கு 18.5 ஆகியிருக்கிறது, அதாவது 24இல் 77%. விகிதம் நிலையாக இல்லை என்றால் அந்த முறை இந்தக் கணக்குக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

தம்பி, 80% என்பது இங்கே தனி லோடின் நேரம் இல்லை, முதலிலிருந்து அதுவரைக்குமான சராசரி. 1936இல் விமானத் தயாரிப்புக்கு டி.பி. ரைட் என்ற பொறியாளர் போட்ட கணக்கு அப்படித்தான். உங்கள் எண்களையே கூட்டுங்கள். இரண்டு லோடுக்கு 64, சராசரி 32. நாலுக்கு 102.5, சராசரி 25.6. 40, 32, 25.6 என்று சொல்லிவைத்த மாதிரி 80% வருகிறது. எட்டு லோடுக்கு சராசரி 20.48 என்றால் மொத்தம் 163.8, அதில் ஏற்கெனவே முடிந்த 102.5ஐக் கழித்தால் மீதி நாலுக்கு 61 சொச்சம்தான். 82 எப்படி வந்தது என்றால், முதல் லோடில் திணறிய 40 மணியின் பங்கும் அந்த 20.48க்குள் உட்கார்ந்திருக்கிறது. இடையில் உள்ள லோடுகளுக்கு ஷீட்டில் இதைப் போடுங்கள், A2இல் எத்தனையாவது லோடு என்று இருக்கட்டும்:

```
=40*A2^(LN(0.8)/LN(2))
```

வருவது சராசரி. அதை A2ஆல் பெருக்கினால் மொத்தம், மொத்தத்திலிருந்து முந்தைய மொத்தத்தைக் கழித்தால்தான் அந்த லோடின் நேரம்.

டைல்ஸ்_ராஜா:
எங்களுக்கு மூணாவது லோடில் நேரம் கூடியதுதான் மிச்சம், லிஃப்ட் ரிப்பேர், நாலாவது மாடிக்கு எல்லாம் தோளில் சுமந்து ஏற்றினோம். இந்த வளைவெல்லாம் காகிதத்தில்தான்.

பழைய_காஸ்டிங்:
அது வேறு கதை, ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. லாரியிலிருந்து இறக்கி மேலே ஏற்றும் நேரம் பழகினாலும் பெரிதாகக் குறையாது. அதைத் தனியாகக் குறித்தீர்களா?

கட்டில்_காண்ட்ராக்ட்:
லோடுக்கு 5 ஆள்மணி, எப்போதும் அவ்வளவுதான். குறைந்தது எல்லாம் மாட்டுவதில். முதல் லோடில் ஒவ்வொரு போல்ட்டையும் அப்போதே இறுக்கிவிட்டு, ஏணி வைக்கும்போது ஓட்டை சேராமல் மறுபடி கழற்றினோம். பிறகு எல்லாவற்றையும் கையால் லூசாகப் போட்டு, ஏணியும் மாட்டி, மட்டம் பார்த்துவிட்டுக் கடைசியாக ஸ்பேனர் எடுக்கிறார்கள்.

பழைய_காஸ்டிங்:
அப்படியானால் 5ஐக் கழித்துவிட்டு வளைவு போடுங்கள்: 35, 19, 15, 13.5. சராசரி 35, 27, 20.6. கிட்டத்தட்ட 77%. இப்படிப் போய், இறக்கி ஏற்றும் நேரத்தை மறுபடி சேர்த்தால் அடுத்த நாலுக்கு 64 அல்லது 65 வரும். 61க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் பதினாறு லோடு வரை நீட்டினால் கடைசி எட்டில் மட்டும் பத்து ஆள்மணி இடிக்கும்.

கட்டில்_காண்ட்ராக்ட்:
இன்னொன்று, வேலை லீவு முடிந்துதான் தொடங்கும், நாலில் இரண்டு பேர் புதுசு.

சைட்_சூப்பர்வைசர்:
அப்போ மறுபடி 40இலிருந்துதான்.

பழைய_காஸ்டிங்:
அவ்வளவு இல்லை, ஏணியை எப்போது மாட்ட வேண்டும் என்று சொல்லித்தர இரண்டு பேர் இருக்கிறார்களே. நான் மூன்றாவது லோடிலிருந்து தொடங்குவதாக வைப்பேன். பழைய 80% கணக்கிலேயே நாலு லோடுக்கு 71 வரும். மூன்றா, இரண்டா என்பதற்குச் சூத்திரம் கிடையாது, ஆளைப் பார்த்துத்தான். முதல் லோடு முடிந்ததும் தெரிந்துவிடும்: 17க்குள் முடித்தால் பழைய வேகம் அப்படியே இருக்கிறது, 20ஐத் தொட்டால் பின்வாங்கியிருக்கிறார்கள்.

கட்டில்_காண்ட்ராக்ட்:
சரி, 71 போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் பார்ட்டி பழைய லோடுகளின் நேரத்தைக் கேட்டிருக்கிறார், கடைசி 18.5ஐக் காட்டினால் அதை நாலால் பெருக்கி 74 சரி என்பாரா, இல்லை இன்னும் குறையும்தானே என்று 60க்கு இழுப்பாரா தெரியவில்லை. யாராவது இப்படி நேரக் குறிப்பைக் கொடுத்துப் பேசியிருக்கிறீர்களா?