சோலார் திட்டத்துக்கு மெய் வீதமா, பெயரளவு வீதமா: 5-ஆ, 4.76-ஆ?

கணக்குப்பிள்ளை: 1 மெகாவாட் சோலார், 25 ஆண்டு ஒப்பந்தம், முதலீடு 4 கோடி. ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட், யூனிட் 3 ரூபாய், வரவு 48 லட்சம். பராமரிப்பு 6 லட்சம் போக மீதி 42. எதிர்பார்க்கும் வருமானம் 10 சதவீதம், பணவீக்கம் 5. ஆக பணவீக்கம் போக மிஞ்சும் மெய் வீதம் 5. எல்லாவற்றையும் இன்றைய விலையில் வைத்து, வரப்போகும் பணத்தை அந்த வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கழித்தால் பணவீக்கத் தலைவலியே கிடையாது. முதலீடு போக நிகர இன்றைய மதிப்பு 1 கோடியே 92 லட்சம் வருகிறது. பணவீக்கமும் கலந்த பெயரளவு வீதமான 10-ஐ வைத்துக் கழிப்பவர்கள் நல்ல திட்டங்களைக் கொல்கிறார்கள்.

நெல்லைக்காரன்: 10-லிருந்து 5-ஐக் கழித்தால் 5 என்று எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்? வகுக்க வேண்டும் ஐயா. 1.10-ஐ 1.05-ஆல் வகுத்தால் மெய் வீதம் 4.76. ஆடிட்டர் என்று வேறு போட்டுக்கொள்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை: கால் சதவீதத்துக்கு இத்தனை ஆட்டமா? உங்கள் 4.76-ஐப் போட்டால் என் திட்டம் இன்னும் லாபமாகத்தான் தெரியும். போட்டுப் பாருங்கள், 2 கோடியே 6 லட்சம். நன்றி.

வட்டிக்கடை: இரண்டு பேரும் 14 லட்சத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள். 2 கோடிக்கு மேல் ஓட்டை இருப்பது வேறு இடத்தில். அந்த 3 ரூபாய் 25 ஆண்டுக்கும் அதே 3 ரூபாய்தானா? பணவீக்கத்தோடு ஏறுமா? ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை: நிலையான கட்டணம்தான். அதனால்தானே மெய் வீதம்! வரவே மாறாதபோது பணவீக்கத்தை எதற்கு இழுப்பது?

வட்டிக்கடை: நான் நினைத்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள். மாறாத ரூபாய் என்றால் மாறாத மதிப்பு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். 25-ஆம் ஆண்டில் கையில் வரும் 48 லட்சம் இன்றைய விலையில் சுமார் 14 லட்சம்தான் பெறும். இன்றைய விலையில் கணக்குப் போடுகிறேன் என்றால் அந்த வரிசையில் 14 இருக்க வேண்டும். நீங்கள் 48 போட்டிருக்கிறீர்கள். பராமரிப்பு 6 லட்சம் மட்டும்தான் உண்மையிலேயே இன்றைய விலை, ஏனென்றால் கூலியும் உதிரி பாகமும் ஏறும். ஒரே தாளில் இரண்டு விதமான ரூபாயைக் கூட்டிக் கழித்திருக்கிறீர்கள்.

சரி, உங்கள் எண்களையே 10 சதவீதத்தில் போடுகிறேன். ஆண்டுக்கு 48 லட்சம் வீதம் 25 ஆண்டு வரவின் இன்றைய மதிப்பு 436 லட்சம். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் பராமரிப்பின் இன்றைய மதிப்பு 87 லட்சம். மீதி 349. போட்டது 400. ஆக 51 லட்சம் நட்டம். மெய் வீதம்தான் பிடிக்கும் என்றால் வரவை ஆண்டுக்கு ஆண்டு 1.05-ஆல் வகுத்துக்கொண்டே வந்து 4.76-இல் கழியுங்கள். அதே 51 லட்சம் நட்டம் வரும், ஒரு ரூபாய் மாறாது. வீதம் எது என்பதில் சண்டையே இல்லை. வரவு எந்த ரூபாயில் இருக்கிறதோ வீதமும் அதே ரூபாயில் இருக்க வேண்டும்.

நெல்லைக்காரன்: பார்த்தீர்களா, அவரே 4.76 என்கிறார். 5 இல்லை.

சோலார்ராஜா: என் வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டேன். யாரும் எந்த வீதத்தையும் கழிக்கவில்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின் கட்டணம் ஏறியபோது என் மிச்சமும் ஏறியது. அப்படிப் பார்த்தால் கணக்குப்பிள்ளை சார் சொல்வது சரிதானே? காக்கா எச்சத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவே இல்லை, உற்பத்தி குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வட்டிக்கடை: ராஜா அண்ணே, நீங்கள் மின்சாரம் விற்கவில்லை, பில்லை மிச்சப்படுத்துகிறீர்கள். பில் ஏறினால் மிச்சமும் ஏறும். பணவீக்கத்தோடு ஓரளவு ஓடும் வரவு அது, அங்கே மெய் வீதம் பொருந்தும். இவர் 3 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல. காக்காவை வேறு இழையில் பேசுவோம்.

கணக்குப்பிள்ளை: ஒப்பந்தக் கட்டணம் ஏறவே ஏறாது என்று யார் சொன்னது? மத்தியப் பிரதேசத்தின் ரேவா சோலார் திட்டத்தைப் பாருங்கள். 2017-இல் முதல் ஆண்டுக் கட்டணம் 2.97, பிறகு ஆண்டுதோறும் ஏற்றம். பெரிய திட்டங்கள் எல்லாமே அப்படித்தான்.

வட்டிக்கடை: எல்லாமே இல்லை. அதே 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா சோலார் பூங்காவில் 2.44 ரூபாய்க்கு ஏலம் முடிந்தது, 25 ஆண்டுக்கும் அதே விலை. ரேவாவின் ஏற்றம் ஆண்டுக்கு 5 பைசா, அதுவும் 15 ஆண்டு மட்டும். 2.97-இல் 5 பைசா என்பது தொடக்கத்தில் 1.7 சதவீதம்கூட முழுதாக இல்லை. அதைப் பணவீக்க ஈடு என்று நினைத்து மெய் வீதத்தில் கழித்தால் அதே தப்பு கொஞ்சம் சிறிய அளவில் வரும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த 5 பைசாவாவது உண்டா?

கணக்குப்பிள்ளை: கேள்வியைத் திசைதிருப்பாதீர்கள். என் அறிக்கையை வங்கி ஏற்றுக்கொண்டு கடன் கொடுத்துவிட்டது. சிமென்ட் பங்கு பற்றிப் போன முறை நீங்கள் அளந்தது என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும்.

மலர்விழி: வங்கியில் திட்ட மதிப்பீட்டுப் பிரிவில் வேலை செய்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வங்கி முதலில் பார்ப்பது ஒவ்வோர் ஆண்டும் வரும் பணம் தவணைக்குப் போதுமா என்பதைத்தான். தவணையும் கையில் கொடுக்கும் ரூபாய், வரவும் கையில் வாங்கும் ரூபாய். அங்கே மெய் வீதத்துக்கு வேலையே இல்லை. கடன் கிடைத்தது என்பதற்காக உங்கள் 1 கோடியே 92 லட்சத்தை யாரோ சரிபார்த்தார்கள் என்று பொருள் இல்லை. வரியைப் பற்றியும் நீங்கள் பேசவில்லை. தேய்மானம் 4 கோடி என்ற பழைய விலையில்தான் கிடைக்கும், பணவீக்கத்தோடு ஏறாது. அந்த வரிச் சலுகையையும் இன்றைய விலை என்று எடுத்தால் லாபம் இன்னும் ஊதிப்போகும்.

நெல்லைக்காரன்: மேடம் சொல்வது இருக்கட்டும். 5-ஆ 4.76-ஆ? இதற்கு மட்டும் அவர் பதில் சொல்ல மாட்டார். பணவீக்கம் 80 சதவீதம், வட்டி 100 சதவீதம் என்று இருக்கும் நாட்டில் இவர் கழித்து 20 என்பார். வகுத்தால் 11 சொச்சம்தான்.

கணக்குப்பிள்ளை: நான் அந்த நாட்டில் சோலார் போடவில்லை.

வட்டிக்கடை: நெல்லை அண்ணே, உங்கள் வகுத்தல் சரி. அதைச் சரிசெய்த பிறகும் 2 கோடியே 6 லட்சம் லாபம் என்றுதானே தாள் சொல்கிறது? தப்பான வரவைத் துல்லியமான வீதத்தால் கழித்து என்ன பிரயோஜனம்?

கணக்குப்பிள்ளை சார், என்னை நம்ப வேண்டாம். உங்கள் எக்செல் தாளில் 10-ஐத் தொடாமல் பணவீக்கத்தை மட்டும் 5-லிருந்து 8 ஆக்குங்கள். வகுத்துப் போட்டால் மெய் வீதம் 1.85-க்கு இறங்கும், லாபம் 4 கோடியைத் தாண்டும். விலைவாசி ஏற ஏற, நிலையான 3 ரூபாய் வாங்குபவர் பணக்காரர் ஆகிறார் என்கிறது உங்கள் தாள். இது நடக்குமா? என் கணக்கில் அதே 8-ஐப் போட்டால் பராமரிப்பு ஏறி நட்டம் 84 லட்சம் ஆகிறது.

கணக்குப்பிள்ளை: 25 ஆண்டுக்கும் 8 சதவீதமா? ரிசர்வ் வங்கியின் இலக்கே 4 சதவீதம். இல்லாத ஊருக்கு வழி சொல்கிறீர்கள். அத்துடன் நிலத்தின் மதிப்பு ஏறுமே, அதை ஏன் யாரும் சேர்க்கவில்லை?

வட்டிக்கடை: 4 போடுங்கள். என் கணக்கில் நட்டம் குறையும், போகாது. நிலம் உங்களுடையதா, குத்தகையா?

கணக்குப்பிள்ளை: அது தனிப்பட்ட விஷயம்.

சோலார்ராஜா: குத்தகை என்றால் குத்தகைத் தொகையும் ஏறுமே சார்? அதைப் பராமரிப்பில் சேர்த்தீர்களா?

கணக்குப்பிள்ளை: முதலில் நீங்கள் காக்கா எச்சத்தைத் துடையுங்கள். என் அறிக்கை மெய் வீதத்தில்தான் இருக்கும்.

நெல்லைக்காரன்: எந்த மெய் வீதம்? 5-ஆ, 4.76-ஆ?