மூட் போர்டு ஒரே திசையைச் சொல்கிறதா? உங்கள் அனுபவங்கள்

கல்தூண்:
காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டைக் காபிக்கடையாக மாற்றும் வேலைக்கு, விரும்பும் தோற்றத்தைக் காட்டும் படங்களை ஒரே பலகையில் சேர்த்து வந்த மூட் போர்டு இன்னும் என்னை உறுத்துகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தேக்குத் தூண்கள், கியோட்டோவின் தேநீர் அறை, அதற்கடுத்து வெறும் சிமெண்ட் தரையும் கறுப்பு இரும்புக் குழாய்களுமாக ஆலைப் பாணியில் ஒரு கடை. உரிமையாளருக்கு எல்லாமே பிடித்திருந்தது. கொத்தனார்தான் இரண்டு படங்களின் மேல் விரல் வைத்து, "தரைக்கு இதா, அதா?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இளம்பச்சை:
நிறங்கள் கட்டுக்குள் இல்லாததே காரணம். நான் துணி வடிவமைப்பில் இருக்கிறேன். நான்கைந்து நிறங்களுக்குள் அடக்கியதும் என் போர்டு ஒன்றுபட்டுவிட்டது.

சாய்வெளிச்சம்:
இளம்பச்சை சொல்வது பாதிதான் சரி. என்னிடம் வந்த ஒரு போர்டு முழுவதும் மணல் நிறம். ஆனால் ஒரு படத்தில் பளபளக்கும் சலவைக்கல் கூடம், மற்றொன்றில் கைநூற்பின் சொரசொரப்பு. நிறம் ஒத்திருந்ததால் அந்த முரண் எவர் கண்ணிலும் படவில்லை.

ஒவ்வொரு படமும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று அதன் கீழே எழுதிப் பாருங்கள்: தரை, வெளிச்சம், மேற்பரப்பு, இருக்கை. ஒரே கேள்விக்கு இரண்டு படங்கள் வெவ்வேறு பதில் சொன்னால் அங்கேதான் குழப்பம். படம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது பொருட்டே அல்ல. கல்தூணின் போர்டில் கியோட்டோ அறை அந்நியமாகத் தோன்றினாலும், முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் வந்து நிழலில் கரையும் செட்டிநாட்டு வளவோடு அது ஒத்துப்போகிறது. இரண்டிலும் தரையில் அமரலாம். முரண்படுவது ஆலைக் கடைதான். ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்ட்தான் என்றாலும், கண்ணாடிமேல் வார்ப்பதால் வரும் மினுக்கமும் பூவேலையும் கொண்ட அது, வெறும் சாம்பல் தரை கேட்பதற்கு நேர் எதிரானதைக் கேட்கிறது. விளக்கும் அப்படியே: ஒரு படம் 2700 கெல்வின் மஞ்சளையும், மற்றது 4000 கெல்வின் வெண்மையையும் கோருகிறது. அந்த ஆலைக் கடைப் படத்தை மூடிவிட்டு எஞ்சியதைப் பாருங்கள்.

முரணே நோக்கம் என்றால் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்க வேண்டும். எல்லாப் படங்களையும் ஒரே அளவில் கட்டம் கட்டி அடுக்கினால், எது தலைமை என்று போர்டு சொல்லாது.

மல்லிகைப்பந்தல்:
என் தங்கையின் திருமண மேடைக்குக் கைப்பேசியில் ஏராளமான படங்களைச் சேர்த்திருக்கிறோம். அவற்றை ஒரே தாளில் அச்சிட எந்தச் செயலி நல்லது?

இளம்பச்சை:
துணியில் மினுக்கமும் சொரசொரப்பும் சேர்ந்தே வரும்; பட்டும் பருத்தியும் கலந்த சேலையை எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்? சாய்வெளிச்சத்தின் கேள்விப் பட்டியல் கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

கல்தூண்:
ஆலைக் கடைப் படத்தை மூடிக் காட்டினேன். கொத்தனார் உடனே தலையசைத்தார். உரிமையாளரோ அந்த இரும்புக் குழாய்களுக்காகவே இந்தக் கடையைத் தொடங்குவதாகச் சொல்கிறார்.