போகிப் புகை காட்டிக்கொடுத்த அறுந்த ஒயர்

அம்பத்தூர் லேசர்காரன்

எஸ்டேட்ல சின்னதா லேசர் கட்டிங் பட்டறை வச்சிருக்கேன். அக்ரிலிக், ப்ளைவுட் வேலை. அக்ரிலிக் வெட்டும்போது சில சமயம் தீ பிடிச்சுக்கும். அந்த நேரத்துல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிட்டே இருந்தா, உள்ளே புதுக் காத்தை இழுத்து ஊதி விடுற மாதிரிதான். அதனால போன வருஷம் 12 வோல்ட், நாலு ஒயர் புகை டிடெக்டர் ஒண்ணை மாட்டி, அதோட ரிலே காண்டாக்ட்டை ESP32 போர்டுக்குக் கொண்டுவந்தேன். புகை வந்தா காண்டாக்ட் சேரும். போர்டு ரெண்டு ஃபேனோட காண்டாக்டரையும் லேசர் சப்ளையையும் ஆஃப் பண்ணிட்டு, எனக்கும் தம்பிக்கும் டெலிகிராம்ல மெசேஜ் அனுப்பும். தினம் காலைல 6 மணிக்கு ‘எல்லாம் சரி’ன்னு ஒரு மெசேஜும் வரும். அதைப் பார்த்துட்டுத்தான் காபியே குடிப்பேன்.

போகி அன்னைக்குக் கூட்டிப் பெருக்கலாம்னு சீக்கிரமே போய் ஷட்டரைத் தூக்கினேன். பின்தெருவுல பழைய பாயும் டயரும் எரியுது. ஃபேனைப் போட்டதும் அந்தப் புகை மொத்தமும் ஷட்டர் வழியா உள்ளே வந்துடுச்சு. டிடெக்டர்ல சிவப்பு லைட் எரியுது, அதோட பஸ்ஸர் கத்துது. ஆனா ரெண்டு ஃபேனும் ஜோரா சுத்துது. ஃபோனை எடுத்துப் பார்த்தா, 6 மணி ‘எல்லாம் சரி’ மட்டும்தான் இருக்கு.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். பரண் மேல ஒரு ஒயரை எலி கடிச்சு வச்சிருக்கு. செம்பு முனை பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்குது. அறுந்து பல மாசம் ஆகியிருக்கணும். நான் போட்டது நார்மலி ஓபன். காண்டாக்ட் சேராத வரைக்கும் எல்லாம் நல்லாயிருக்குன்னு போர்டு நினைச்சுக்கும். ஒயரே இல்லேன்னாலும் அதுக்கு அப்படித்தான்.

வேளச்சேரி வயர்மேன்

அண்ணே, ரொம்ப சிம்பிள். அதே ரிலேல நார்மலி க்ளோஸ்டு முனைக்கு மாத்துங்க. ஒயர் அறுந்தா உடனே அலாரம் அடிச்சிடும். பத்து நிமிஷ வேலை. டெஸ்டரோட வந்தா நானே போட்டுத் தரேன்.

மயிலாப்பூர் மாமி

எங்க ஆத்துல பேட்டரி போட்ட டிடெக்டரைப் பூஜை ரூம் வாசல்லயே மாட்டிட்டா. வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டினா போதும், காது கிழியறது. அதையும் சிம்னியோட சேர்த்து இப்படி ஆஃப் பண்ண முடியுமா?

வேளச்சேரி வயர்மேன்

மேடம், முதல்ல டிடெக்டரை ஹாலுக்கு மாத்துங்க. சிம்னியை அப்புறம் பார்ப்போம்.

ஓய்வு பெற்ற பிஎம்எஸ்

ஐடி கட்டடங்களில் இருபது வருடம் இதே வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வயர்மேன் தம்பி சொல்வது பாதி சரி. அறுந்தால் தெரியும். ஆனால் எலி இரண்டு ஒயரின் உறையையும் கடித்து செம்பும் செம்பும் ஒட்டிக்கொண்டால், நார்மலி க்ளோஸ்டு லூப் என்றைக்கும் மூடியே இருக்கும். பிறகு எவ்வளவு புகை வந்தாலும் போர்டுக்குத் தெரியாது. இன்னொன்று, பெரும்பாலான நாலு ஒயர் டிடெக்டர்களில் அலாரம் வந்தால்தான் ரிலே இழுக்கும். 12 வோல்ட் சப்ளையே போனாலும் அந்தக் காண்டாக்ட் மூடியேதான் இருக்கும். டிடெக்டர் செத்துக் கிடக்கும், போர்டு சந்தோஷமாக இருக்கும்.

காண்டாக்ட் நார்மலி ஓபனாகவே இருக்கட்டும். லூப்பின் கடைசியில் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போடுங்கள். காண்டாக்ட்டோடு தொடராக ஒரு 1 கிலோ ஓம். போர்டு பக்கம் 3.3 வோல்ட்டிலிருந்து இன்னொரு 4.7 கிலோ ஓம். இனி ஆன், ஆஃப் என்று பார்க்காமல் வோல்டேஜை அளக்கலாம். சாதாரண நிலையில் சுமார் 1.65 வோல்ட், புகை வந்தால் சுமார் 0.5. அறுந்தால் 3.3 பக்கம் ஏறிவிடும், ஷார்ட் ஆனால் பூஜ்யம்.

சப்ளைக்கு, டிடெக்டரில் 12 வோல்ட் முடியும் இடத்தில் சின்ன ரிலே ஒன்றைப் போட்டு, அதன் காண்டாக்ட்டை அந்தக் கடைசி ரெசிஸ்டரோடு தொடராக விடுங்கள். சப்ளை போனால் ரிலே விடும், போர்டுக்கு அறுந்த மாதிரியே தெரியும்.

அம்பத்தூர் லேசர்காரன்

சார் சொன்னபடியே போன ஞாயித்துக்கிழமை உக்காந்தேன். அனலாக் பின் எதுவா இருந்தா என்னன்னு ஒண்ணைப் பிடிச்சேன். வைஃபை ஓடும்போது ரீடிங்கே வரலை. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, ESP32-ல ADC2 பின்களை வைஃபையோட சேர்த்து நம்ப முடியாது. GPIO34-க்கு மாத்தினேன், வந்துடுச்சு.

மானக்கேடு இனிமேதான். டிடெக்டர்கிட்ட போய் லூப் ஒயரைக் கழட்டினேன். ரீடிங் 1.65-லயே நிக்குது, அசையவே இல்லை. அரை மணி நேரம் ப்ரோகிராமைத் திட்டினேன். கடைசில பார்த்தா, ஏணி ஏற சோம்பல்பட்டு 4.7-ஐ போர்டு டெர்மினல்லயே முறுக்கி விட்டிருக்கேன்! ஒயர் இருந்தாலும் இல்லேன்னாலும் போர்டு தன் காலடியில இருக்கிற ரெசிஸ்டரைத்தான் பார்க்குது. மேல கொண்டுபோய் டிடெக்டர் பேஸ்ல வச்சதும் கழட்டின உடனே 3-க்கு மேல ஏறிச்சு. மேல்பக்கம் இந்தப் போர்டு துல்லியமா அளக்காது, அதனால 2.5-ஐத் தாண்டினாலே அறுந்ததுன்னு வச்சுட்டேன்.

அறுந்தா இப்போதைக்கு மெசேஜ் மட்டும்தான், ஃபேன் ஓடும். வேலை நடுவுல ஃபேன் நின்னா அக்ரிலிக் நெடில நாங்க நிக்க முடியாது.

ஓய்வு பெற்ற பிஎம்எஸ்

ஃபேன் ஓடட்டும், லேசரை மட்டுமாவது நிறுத்துங்கள். புகை தெரியாத நிலையில் தீ பிடிக்கக்கூடிய இயந்திரத்தை ஓட விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புகை அடங்கியதும் ஃபேன் தானாக ஓடக் கூடாது. ஆள் வந்து பட்டனை அழுத்திய பிறகுதான்.

அம்பத்தூர் லேசர்காரன்

பட்டன் வச்சாச்சு சார். லேசர் விஷயம் யோசிக்கணும். ஒரு எலிக்காக ஆர்டர் நின்னா கஸ்டமர் சும்மா விடுவாரா?

பெருங்குடி நெட்வொர்க்

எனக்குப் புரியலை. புகை வந்தா எக்ஸாஸ்ட் ஓடினாத்தானே புகை வெளியே போகும்? மால் பேஸ்மென்ட்ல தீ அலாரம் அடிச்சா ஃபேன் இன்னும் வேகமா ஓடுமே. எங்க ஆபீஸ் சர்வர் ரூம்லயும் ஃபேனை நிறுத்தினா பத்து நிமிஷத்துல சூடாகி எல்லாம் படுத்துடும்.

ஓய்வு பெற்ற பிஎம்எஸ்

மால் ஃபேன் புகையை வெளியேற்றவே வடிவமைத்தது. சூட்டைத் தாங்கும் மோட்டார், தனி டக்ட், தனி மின்வழி எல்லாம் இருக்கும். அதே கட்டடத்தில் ஏசி காற்றைச் சுற்றவிடும் ஏஎச்யு அலாரத்தில் நின்றுவிடும், இல்லையென்றால் ஒரு அறைப் புகையை எல்லா அறைக்கும் அதுவே பங்கிட்டுக் கொடுக்கும். லேசர்காரர் வைத்திருப்பது பிளாஸ்டிக் இறக்கை ஃபேன். உங்கள் சர்வர் ரூமுக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. ஃபேனோடு சர்வர்களையும் ஒழுங்காக ஷட்டவுன் செய்ய ஏற்பாடு இருந்தால் நிறுத்தலாம். இல்லையென்றால் நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

வேளச்சேரி வயர்மேன்

சார், நார்மலி க்ளோஸ்டு போட்டு நாலு இடத்துல கொடுத்திருக்கேன். இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட் வரலை.

ஓய்வு பெற்ற பிஎம்எஸ்

லேசர்காரருக்கும் போகி வரை ஒரு கம்ப்ளைன்ட் வரவில்லை, தம்பி.

அம்பத்தூர் லேசர்காரன்

ஹா ஹா. நேத்து இன்னொண்ணு நடந்துச்சு. கரண்ட் போச்சு. போர்டும் டிடெக்டரும் பேட்டரில ஓடுது, ஆனா ரவுட்டர் ஈபி லைன்ல இருக்கு. ஒரு ஊதுபத்தியை டிடெக்டர்கிட்ட காட்டினேன். பட்டறைக்குள்ள பஸ்ஸர் அலறுது, மெசேஜ் மட்டும் வரலை. கரண்ட் வந்து ஏழு நிமிஷம் கழிச்சு ‘புகை’ன்னு வருது. தம்பி பதறிப்போய் ஆவடியிலிருந்து பைக்கை எடுத்துட்டு வந்துட்டான். ரவுட்டருக்கு ஒரு குட்டி யுபிஎஸ் ஆர்டர் போட்டிருக்கேன். அது வர்ற வரைக்கும் பக்கத்துப் பட்டறை வாட்ச்மேன் அண்ணன்கிட்ட, சத்தம் கேட்டா போன் பண்ணுங்கன்னு நம்பர் கொடுத்து வச்சிருக்கேன்.